கேஸ் கிட்: ஒரு வருஷ கணக்கு எல்லாருக்கும் வராது

"பெட்ரோல் வண்டில சிஎன்ஜி கிட் போட்டா ஒரே வருஷத்துல போட்ட காசு வந்துடும், யாரா இருந்தாலும்."

இப்படி ஒருத்தர் எழுதியிருந்தார். அதுல யாரா இருந்தாலும்னு சொன்னதுதான் தப்புங்க. அதுக்குப் பதில் எழுதின டாக்ஸி ஓட்டுற அண்ணன் மாசம் 2500 கிமீ ஓடுறார், அவருக்கு ஒரு வருஷம் சரியா வரும், ஆனா நான் ஓட்டுறது மாசம் 1000 கிமீதான். பெட்ரோல்ல லிட்டருக்கு 16 கிமீ கொடுத்துச்சு, 101 ரூபா ரேட்ல மாசம் 6300 ஆச்சு. கிட் போட்டப்புறம் கேஸ் பில்லு 3700, அதோட பெட்ரோல் 500, ஏன்னா காலைல இன்ஜின் சூடாகுற வரைக்கும் வண்டி பெட்ரோல்லதான் ஓடும், இதை யாருமே கணக்குல சேர்க்க மாட்டேங்குறாங்க. மிச்சம் 2100. கிட்டு, ஆர்சி மாத்துறது எல்லாம் சேர்த்து 60,000 ஆச்சு, வகுத்துப் பாருங்க, கிட்டத்தட்ட 29 மாசம்.

அங்க பதில் எழுதின இன்னொருத்தர் ஒரு மாச பில்லை வச்சே கணக்கு போட்டிருக்கார். வழி சரி, ஆனா மாசக் கடைசில டேங்க்ல எவ்ளோ மிச்சம் இருந்துச்சுன்னு பாக்கல. ஃபுல் டேங்க் போட்டு ஓடோமீட்டர் எழுதி வச்சு, அடுத்த ஃபுல் டேங்க் வரைக்கும் பாத்தாதான் உண்மையான மைலேஜ் தெரியும், அதையும் மூணு மாசமாவது பாக்கணும். அப்புறம் 3 வருஷத்துக்கு ஒருதடவை சிலிண்டர் டெஸ்ட் செலவு வேற இருக்கு. பங்க்ல கியூல நிக்கிற நேரத்தை எப்படி ரூபால போடுறதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல.