"கவனக்குறைவு" என்று எழுதும் முன் விடைத்தாளைத் திறந்து பாருங்கள்

காலாண்டுத் தாள்கள் திருத்தி முடிந்து, ரேங்க் கார்டுகள் கையெழுத்துக்காகத் தலைமை ஆசிரியர் மேசைக்கு வரும் நேரம் இது. மதிப்பெண் கூட்டல் சரியா, வருகை நாள் சரியா என்று எல்லோரும் பார்க்கிறோம். ரிமார்க்ஸ் கட்டத்தை மட்டும் பார்வையாலேயே தாண்டிவிடுகிறோம். ஆசிரியர் எழுதிய அந்த இரண்டு வரியை எப்படிச் சரிபார்ப்பது என்பதை ஒரே ஒரு கார்டை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு, கணக்கு. ஒரு சிறுமியின் கட்டத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "கவனக்குறைவு அதிகம். கணக்கில் அக்கறை இல்லை. உழைத்தால் முன்னேறலாம்."

இந்த மூன்று வாக்கியங்களையும் படித்துவிட்டு "கொஞ்சம் கடுமையாக இருக்கிறது, மென்மையாக எழுதுங்கள்" என்று ஆசிரியரிடம் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். அவரும் "இன்னும் சற்று கவனம் தேவை" என்று மாற்றிக் கொண்டுவருவார். கார்டு வீட்டுக்குப் போய்விடும். சொல்லின் முனைதான் மழுங்கியது, பிழை அங்கேயே இருக்கிறது. என்னைக் கேட்டால், சரிபார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது அந்தச் சிறுமியின் விடைத்தாளைத்தான்.

தாளைத் திறந்தால் ஆறு கழித்தல் கணக்குகள். 587 − 243, 968 − 425 இரண்டும் சரி. மீதி நான்கும் தப்பு. 402 − 167 என்பதற்கு 365 என்று எழுதியிருக்கிறாள். 531 − 248 என்பதற்கு 317. விடைகளை இலக்கம் இலக்கமாகப் பாருங்கள். 2-இலிருந்து 7 போகாது என்றதும் 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 போட்டிருக்கிறாள். 0-இலிருந்து 6 போகாது, அதனால் 6. பிறகு 4 − 1 = 3. இரண்டாவது கணக்கிலும் இதே வேலைதான். கடன் வாங்க வேண்டிய இடம் வந்தாலே, மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிடுகிறாள்.

கவனக்குறைவு இப்படி இருக்காது. கவனம் தவறினால் பிழை அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும். சுலபமான கணக்கிலும் விழும். நான்கு கணக்கிலும் ஒரே மாதிரி தப்பு வருகிறது என்றால், அந்தப் பிள்ளை ஒரு விதியை மிகுந்த கவனத்தோடு பின்பற்றுகிறாள், அந்த விதிதான் தவறு. அவளைப் பார்த்து "அக்கறை இல்லை" என்பது கடுமையான சொல் மட்டுமில்லை, உண்மையும் இல்லை.

தேய்ந்த சொல், கடுஞ்சொல், அடுத்து என்ன என்று சொல்லாமல் விடுவது ஆகிய மூன்றையும் தனித்தனிக் குறைகளாக நினைக்கிறோம். மூன்றுக்கும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான்: எழுதும்போது பிள்ளையின் தாள் எதிரே இல்லை. தாள் இல்லாதபோது மனதில் இருப்பது அந்தப் பிள்ளையைப் பற்றிய பொதுவான எண்ணம் மட்டுமே. நல்ல எண்ணமாக இருந்தால் "நன்று, தொடர்க" என்று வரும். சலிப்பாக இருந்தால் "சோம்பேறி" என்று வரும். இரண்டிலிருந்தும் அடுத்த படி பிறக்காது. எது பிழை என்றே தெரியாதபோது எதைச் செய்யச் சொல்வது?

தேய்ந்த சொற்களைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு வகுப்பின் எல்லாக் கார்டுகளையும் ஒரே மூச்சில் படியுங்கள், பெயரை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு. இரண்டு பிள்ளைகளின் குறிப்புகளை இடம் மாற்றினால் யாருக்காவது தெரியுமா? தெரியாது என்றால் அது யாருக்கும் உரிய குறிப்பு இல்லை. முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளின் கார்டுகளில்தான் இந்தக் குறை அதிகம். 98-க்குப் பக்கத்தில் "மிக நன்று" என்பது மதிப்பெண்ணையே எழுத்தில் மறுபடி சொல்வது. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த முயற்சியில் மேம்பட்டார்கள். மதிப்பெண்ணும் சேர்ந்து வந்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் கார்டிலோ மதிப்பெண் இல்லாமல் இருக்கப் போவதில்லை. அப்படியிருக்க, மதிப்பெண் சொல்லாத ஒன்றைச் சொல்லாவிட்டால் அந்தக் கட்டத்தை யாரும் படிக்கப் போவதில்லை.

கடுமைக்கு வேறு சோதனை. நம் ஊர்களில் பல வீடுகளில் ரேங்க் கார்டை அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ படித்துக் காட்டுவது அந்தப் பிள்ளையேதான். ஆகவே ஒவ்வொரு குறிப்பையும் அந்தப் பிள்ளை வாயால் உரக்கப் படிப்பதாக நினைத்துப் பாருங்கள். "நான் சோம்பேறி, எனக்கு அக்கறை இல்லை" என்று தன் வாயாலேயே படிக்க வைக்கிறோமா? அதன் பிறகு அந்த வீட்டில் அடி விழுமா? கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அடிக்காத ஆசிரியரின் ஒரு சொல் வீட்டில் அடியாக மாறக்கூடும். பிள்ளையை வர்ணிக்கும் சொல்லை எடுத்துவிட்டு, பிள்ளை செய்ததைச் சொல்லும் வினையைப் போடுங்கள். "பொறுப்பில்லாதவன்" என்பதற்குப் பதில் "ஆகஸ்டில் தந்த 12 வீட்டுப்பாடங்களில் 5 கொண்டுவந்தான்." இது கசப்பான செய்திதான். ஆனால் எண்ணிச் சரிபார்க்கலாம், அடுத்த மாதம் மாற்றவும் முடியும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அது எனக்கு இன்னும் கவலை தருகிறது. மனம் நோகக் கூடாது என்று, வாக்கியம் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு "வாசிப்பில் சற்றே பயிற்சி தேவை" என்று எழுதிவிடுவது. பெற்றோர் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு வருடம் போய்விடும். இவ்வளவு பெரிய செய்தி இரண்டு வரியில் அடங்காது. கார்டு போவதற்கு முன் பெற்றோரை அழைத்து நேரில் பேசிவிட வேண்டும்; பேசி முடிவு செய்ததைக் கார்டில் எழுதலாம்.

சரி, அந்தச் சிறுமியின் கட்டத்தில் என்ன எழுதலாம்? இப்படி:

"கடன் வாங்காத கழித்தலைச் சரியாகச் செய்கிறாள். கடன் வாங்க வேண்டிய இடத்தில் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறாள். வகுப்பில் குச்சிக்கட்டுகள் வைத்து மறுபடி கற்றுத்தருகிறேன். வீட்டில் வாரம் 3 நாள், நாளுக்கு 2 கணக்கு போதும். விடையோடு கழித்த எண்ணைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவும். 365-உடன் 167-ஐக் கூட்டினால் 532 வருகிறது, 402 வரவில்லை. விடை தப்பு என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். அம்மாவுக்குக் கழித்தல் சொல்லித்தரத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, "கூட்டிப் பார்த்தியா?" என்று கேட்டால் போதும். அடுத்த படி என்று எழுதுவதில் யார், என்ன, எவ்வளவு என்பது இருக்கிறதா என்று பாருங்கள். "வீட்டில் பயிற்சி கொடுக்கவும்" என்பதில் மூன்றுமே இல்லை. பெற்றோர் அதைப் படித்துவிட்டு டியூஷன் தேடுவார்கள்.

40 பிள்ளைகளுக்கு இப்படி எழுத நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். கார்டு எழுதும் நாளில் உட்கார்ந்தால் முடியாதுதான். தாள் திருத்தும்போதே பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நேரே ஐந்தாறு சொல் குறித்துக்கொண்டால் முடியும்: "கடன் வாங்கல், 4/4 தப்பு". தாள் அப்போது கையில் இருக்கிறது; குறிக்க அரை நிமிடம் ஆகாது.

சரிபார்ப்பவர்களுக்கும் ஒன்று. "குறிப்புகள் பொதுவாக உள்ளன, மாற்றவும்" என்று எழுதி 40 கார்டையும் திருப்பி அனுப்பாதீர்கள், அதுவும் தேய்ந்த குறிப்புதான். மூன்று கார்டை மட்டும் எடுங்கள்: மேலே ஒருவர், நடுவில் ஒருவர், கீழே ஒருவர். அவர்களின் விடைத்தாள்களோடு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்றையும் சேர்ந்தே திருத்தி எழுதுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

அரையாண்டுக் கார்டு எழுதும்போது முதலில் காலாண்டுக் குறிப்பைத் திறந்துவையுங்கள். அரையாண்டுக் குறிப்பின் முதல் வரி அதற்குப் பதில் சொல்வதாக இருக்கட்டும்: "கடன் வாங்கிக் கழித்தல் இப்போது வருகிறது; நடுவில் பூஜ்யம் இருந்தால் மட்டும் தடுமாறுகிறாள்."