28 சதவீதம்னு காட்டிட்டு அணைஞ்சு போற போனும், அதுக்கு வர்ற அறிவுரையும்

கிண்டி மெட்ரோவுல டிக்கெட் கியூஆரைத் திறக்கிறப்போ 28 சதவீதம். கேட்ல நீட்டுறதுக்குள்ள திரை கறுப்பு. பின்னாடி நிக்கிறவங்க "கொஞ்சம் ஓரமா போங்க"ங்கிறாங்க. சார்ஜர்ல சொருகினா அடுத்த நிமிஷமே கூசாம 26 சதவீதம்னு காட்டுது. அப்போ நடுவுல செத்தது எதுக்குய்யா?

இதைக் கேட்டா சர்வீஸ் கவுன்ட்டர்ல, "ஆப் நிறைய வச்சிருக்கீங்க சார், அப்டேட் பண்ணிப் பாருங்க"ம்பாங்க. வீட்டுல ஒரு மாமா, "ஜீரோ வரைக்கும் இறக்கிட்டு ராத்திரி முழுக்கப் போடு, சரியாயிடும்"பாரு. மாமா சொல்றது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து வைத்தியம். இப்போ நம்ம பாக்கெட்ல இருக்கிறது லித்தியம் அயன். அடிக்கடி ஜீரோவுக்கு இறக்கி நூறுக்கு ஏத்தினா அது சீக்கிரம்தான் சாகும். எப்போவாவது ஒரு தடவை அப்படிச் செஞ்சா சதவீதக் கணக்கு கொஞ்சம் நேராகும். ஆனா இழந்த கொள்ளளவுல ஒரு சொட்டு கூட திரும்பி வராது.

ஏன் வராதுன்னா, உள்ள நடக்கிறது வேற. ஒரு பக்கம் கிராஃபைட், இன்னொரு பக்கம் பெரும்பாலான போன்ல லித்தியம் கோபால்ட் ஆக்சைடு, நடுவுல எலக்ட்ரோலைட் திரவம். சார்ஜ் ஏறுறப்போ லித்தியம் கிராஃபைட்டுக்குள்ள போய் உட்காரும், இறங்குறப்போ திரும்பி வரும். முதல் சார்ஜிலேயே, அதாவது ஃபேக்டரியிலேயே, எலக்ட்ரோலைட் கிராஃபைட் மேல சிதைஞ்சு மெல்லிசா ஒரு படலம் ஆகுது. அந்தப் படலம் வேணும். அது இல்லேன்னா திரவம் முழுசும் சிதைஞ்சுக்கிட்டே போகும். பிரச்சினை என்னன்னா, அது வளர்றது நிக்கவே நிக்காது. சார்ஜ் ஏறினா கிராஃபைட் கிட்டத்தட்ட 10 சதவீதம் உப்பும், இறங்கினா சுருங்கும். அதுல படலம் விரிசல் விடும், விரிசல்ல புதுப் படலம் உருவாகும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் லித்தியம் அதுல சிக்கி, திரும்ப ஓட முடியாம போயிடும். ஓடக்கூடிய லித்தியம் எவ்வளவு மிச்சமோ அதுதான் உங்க பேட்டரியோட கொள்ளளவு.

இத்தோட விட்டா பரவாயில்லை. போர் தண்ணி ஓடுற ஹீட்டர் காயில்ல உப்பு படியுற மாதிரி படலம் தடிக்கத் தடிக்க, உள் மின்தடையும் ஏறுது. கேட்ல போன் செத்ததுக்குக் காரணம் இதுதான். ஒரு மாதிரிக் கணக்கு போடுங்க. 28 சதவீதத்துல பேட்டரி 3.7 வோல்ட்னு வச்சுக்குவோம். கேமரா, நெட், முழு வெளிச்சம் எல்லாம் சேர்ந்து ஒரு நொடி 2 ஆம்பியர் இழுக்குது. புது பேட்டரியில தடை 0.08 ஓம்னா 0.16 வோல்ட் இறங்கும், 3.54 வோல்ட் மிஞ்சும், போன் கவலைப்படாது. பழசுல தடை 0.2 ஓம் ஆயிட்டா 0.4 வோல்ட் இறங்கி 3.3-க்கு வந்துடும். போன் அணையுற எல்லை 3.4-னு இருந்தா அவ்வளவுதான். இழுக்கிறது நின்னதும் வோல்டேஜ் மேல ஏறிடும், அதான் சார்ஜர்ல போட்டதும் 26-னு நல்ல பிள்ளையாட்டம் காட்டுது. சார்ஜ் எங்கயும் ஓடலை, எடுக்கத்தான் முடியலை. இதுக்கும் ஆப் அப்டேட்டுக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்த எரிச்சல், சைக்கிள் கணக்கு. "அடிக்கடி சொருகாதே, சைக்கிள் வீணாகும்"னு ஒரு கூட்டம். ஒரு சைக்கிள்னா மொத்தமா 100 சதவீதம் செலவழிச்சதுன்னு அர்த்தம், எத்தனை தடவை சொருகினோம்னு இல்லை. தினம் 90-லேர்ந்து 20-க்கு இறங்கினா 0.7 சைக்கிள். வருஷத்துக்கு 255 சொச்சம், ரெண்டு வருஷத்துல 510. ஐபோன் 14 வரைக்கும் 500 சைக்கிள்ல 80 சதவீதம் மிஞ்சும், 15-லேர்ந்து 1000 சைக்கிள்ல 80 மிஞ்சும்னு ஆப்பிளே சொல்லுது. அதுவும் ஒழுங்கான சூழ்நிலையில. ஐரோப்பாவுல 2025 ஜூன் 20-லேர்ந்து விக்கிற போன்ல 800 சைக்கிளுக்கு அப்புறம் 80 சதவீதமாவது இருக்கணும்னு விதியே இருக்கு. நம்ம ஊர் பெட்டியில 5000 எம்.ஏ.எச்-னு கொட்டை எழுத்துல இருக்கும். சைக்கிளைப் பத்தி பெரும்பாலும் மூச்சே இருக்காது.

நம்ம சூழ்நிலை ஒழுங்கா என்ன? கத்திரி வெயில்ல ஹேண்டில்பார்ல மாட்டின போன், மேப் ஓடுது, வெளிச்சம் முழுசு, கீழ பவர் பேங்க் சொருகியிருக்கு, சார்ஜ் நூறை ஒட்டி நிக்குது. பேட்டரிக்கு இதைவிடக் கெட்ட கூட்டு கிடையாது. சூட்டுல படலம் வேகமா வளரும். முழுசா ஏறின பேட்டரி 4.4 வோல்ட் பக்கம் நிக்கிறப்போ எதிர்ப்பக்கம் கோபால்ட் ஆக்சைடும் எலக்ட்ரோலைட்டைச் சிதைச்சு வாயு விடும், பேட்டரி உப்புறதுக்கு அதுவும் ஒரு காரணம். இதுக்கு சைக்கிளே ஓட வேணாம், சும்மா சூடா, ஃபுல்லா இருந்தாலே போதும். அதனாலதான் ஒரே நாள்ல வாங்கின ரெண்டு போன்ல ஒண்ணு நல்லாயிருக்கு, ஒண்ணு மத்தியானத்துக்குள்ள மண்டையைப் போடுது.

டெலிவரி ஓட்டுறவங்ககிட்ட போய் "வெயில்ல யூஸ் பண்ணாதீங்க"ன்னு சொல்ற மேதாவிகளுக்கு ஒரு கும்பிடு. அவங்க வேலையே அதுதான். செய்ய முடிஞ்சது இவ்வளவு: உச்சி வெயில்ல வண்டியில ஓடுறப்போ சார்ஜ் போடாம, சாப்பிட நிக்கிற நிழல்ல 80 வரைக்கும் ஏத்திக்கிறது. சார்ஜ் ஏறுறப்போ தடி கவரைக் கழட்டுறது. போன்ல 80 சதவீத வரம்பு இருந்தா ராத்திரிக்குப் போட்டு வைக்கிறது. தலகாணிக்கு அடியில வச்சு சார்ஜ் பண்ணாம இருக்கிறது. வேக சார்ஜரைப் பார்த்து ரொம்பப் பயப்பட வேணாம். எவ்வளவு இழுக்கணும்னு போன்தான் முடிவு பண்ணுது. கை வைக்க முடியாத அளவு சுடுதான்னு மட்டும் பாருங்க.

பேட்டரி போச்சா இல்லையான்னு அளக்காமலே மாத்தச் சொல்றவங்களையும் நம்பாதீங்க. ஆண்ட்ராய்டை 100 வரைக்கும் ஏத்தி, டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் பண்ணி, adb-ங்கிற டூல் போட்ட கம்ப்யூட்டர்ல கேபிளோட சொருகி இதைப் போடுங்க:

```
adb shell dumpsys battery
```

`Charge counter: 3950000`-னு வந்தா அது மைக்ரோ ஆம்பியர் ஹவர், அதாவது 3950 எம்.ஏ.எச். 5000-க்கு வாங்கினதுன்னா 79 சதவீதம்தான் மிச்சம், மாத்த வேண்டிய நேரம். `temperature: 412`-னா 41.2 டிகிரி. சில கம்பெனி போன்ல அந்த கவுன்ட்டர் கண்டபடி வரும், ரெண்டு மூணு நாள் பார்த்து எண் நிலையா இருந்தா மட்டும் நம்புங்க. பின்மூடி லேசா தூக்கியிருந்தாலோ திரை ஓரத்துல வெளிச்சம் கசிஞ்சாலோ அளக்கவே வேணாம். சார்ஜ் போடாம, அமுக்காம நேரா கடைக்குப் போங்க.

ரிச்சி ஸ்ட்ரீட்ல மாத்துறதா இருந்தா, அதே அளவு பேட்டரியில ஒரிஜினலைவிட ஆயிரம் எம்.ஏ.எச் அதிகம்னு ஸ்டிக்கர் ஒட்டினதைத் தொடாதீங்க. அந்த இடத்துல அவ்வளவு அடங்காது. தயாரிச்ச தேதியைப் பாருங்க, ஏன்னா சூடான கடை அலமாரியில கிடந்த "புது" பேட்டரிக்கும் வயசாகும். பின்மூடிக்குப் புது பசை ஒட்டச் சொல்லுங்க, பழைய தண்ணித் தடுப்பு இனிமே இல்லைன்னே வச்சுக்கோங்க. மாத்தினதும் அதே கமாண்டை 100-ல இன்னொரு தடவை போடுங்க. 5000 எழுதின புது பேட்டரி 4100 காட்டினா, பில்லோட அன்னிக்கே திரும்பிப் போங்க.