நோட்டீஸுக்கு முன்னால் ஒரு கடிதம்

கடலூரில் ஒரு கலைக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி.க்கு டியூட்டரும் நான்தான். ஒரு பையனோ பெண்ணோ வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டால் என்ன நடக்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். மாதக் கடைசியில் வருகைக் கணக்கு எடுத்து, குறைந்தவர்கள் பட்டியலை ஆபீசுக்கு அனுப்புவோம். பட்டியலில் பெயர் ஏறினால் அப்பாவுக்கு ஃபோன் போகும். அப்புறம் "தங்கள் மகன் / மகள்" என்று அச்சடித்து, பொருந்தாததை பேனாவால் அடித்த ஒரு கடிதம். அதற்கும் பதில் இல்லையென்றால் கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற தபால். பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, ஆனால் தபால்காரர் வாசலில் நின்று கையெழுத்து கேட்டால் தெருவே எட்டிப் பார்ப்பது மாறவில்லை. கடைசியில் பெயர் நீக்கம்.

இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டியலில் பெயர் ஏறுவதற்கு முன்னால் இன்னொரு படி வேண்டும் என்கிறேன். டியூட்டர் கைப்பட, மாணவன் பெயருக்கே, ஒரு பக்கக் கடிதம்.

வீட்டுக்குத்தானே முதலில் சொல்ல வேண்டும் என்பார்கள். யோசித்துப் பாருங்கள். பையன் தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான், அவன் கல்லூரிக்குப் போவதாகத்தான் அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றால், நம் ஃபோன் அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் ஒரு ரகளையை உண்டாக்கும். அப்பாவே வேலைக்கு அனுப்பியிருந்தால், "அப்படியா சார், டிசி குடுத்துடுங்க" என்பதோடு விஷயம் முடியும். பெண் பிள்ளை என்றால் படிப்பை நிறுத்த ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

இன்னொரு விஷயம் உண்டு, எனக்கு இதுதான் முக்கியம். முதல் நாலைந்து நாள் வராததற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். பத்து நாளைத் தாண்டி வராமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பத்து நாள்தான். இனிப் போனால் என்ன சொல்வார்கள், எல்லார் முன்னாலும் நிற்கவைப்பார்களா, எப்படியும் ஹால் டிக்கெட் வராதே என்று மனசு ஓடும். இந்தப் பயத்தில் பாதி கூச்சம், பாதி தப்பான கணக்கு. இரண்டையும் ஒரு கடிதத்தால் இறக்கிவைக்க முடியும்.

ஒரு பையனுக்கு எழுதிய கடிதத்தை அவன் சம்மதத்தோடு இங்கே போடுகிறேன். பெயரை எடுத்துவிட்டேன்.

"அன்புள்ள தம்பி,

நலமா? வீட்டில் எல்லாரும் நலமா?

ஆகஸ்ட் 12-க்கு அப்புறம் உன்னை வகுப்பில் பார்க்கவில்லை. லேபில் வேலை முடிந்ததும் பியூரெட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிற ஆள் நீ. இப்போது அதை நான் சொல்லிச் சொல்லிச் செய்யவைக்க வேண்டியிருக்கிறது.

ஏன் வரவில்லை என்று இதில் கேட்கப்போவதில்லை. சொல்லத் தோன்றினால் நேரில் சொல்.

உன் கணக்கு இது. இந்தப் பருவத்துக்கு வேலை நாள் 90. இதுவரை 41 முடிந்திருக்கிறது. நீ 27 நாள் வந்திருக்கிறாய், 14 நாள் வரவில்லை. மீதி 49 நாள் இருக்கிறது. பரீட்சை எழுத மொத்தம் 68 நாள் வேண்டும். இனி எல்லா நாளும் வந்தால் உனக்கு 76 ஆகும். அதாவது இன்னும் எட்டு நாள் வர முடியாமல் போனாலும் நீ பரீட்சை எழுதலாம்.

முதல் இன்டர்னல் தேர்வை நீ எழுதவில்லை. எழுதாதவர்களுக்கு 18-ம் தேதி மதியம் மறுபடி வைக்கிறேன், முதல் இரண்டு யூனிட் மட்டும். லேபில் மூன்று உப்பு ஆய்வு பாக்கி. சனிக்கிழமை காலையில் லேப் திறந்திருக்கும், வந்து முடித்துக்கொள்ளலாம்.

புதன், வெள்ளி இரண்டு நாளும் முதல் பீரியட் எனக்கு. அதில் ஒரு நாள் வா. நேராக வகுப்புக்குப் போக வேண்டாம், ஒன்பதே காலுக்கு ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிடு, சேர்ந்தே போகலாம். மற்ற ஆசிரியர்களிடம் நான் பேசிவிட்டேன். வகுப்பில் வைத்து யாரும் உன்னைக் காரணம் கேட்க மாட்டார்கள். முழு நாள் வர முடியாத நிலை இருந்தால் அதையும் பேசலாம்.

வரும் 12-ம் தேதி ஆபீசிலிருந்து வீட்டுக்குக் கடிதம் போகும். வருகை குறைந்த எல்லாருக்கும் போகிற கடிதம்தான் அது. அதற்குள் நாம் பேசிவிட்டால் நல்லது."

கீழே என் பெயரும் ஃபோன் நம்பரும். அவ்வளவுதான்.

இதில் எழுதாமல் விட்டவை எழுதியதைவிட அதிகம். அவன் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை ஐஸ் ஏற்றுகிற வேலைக்குப் போகிறான் என்று வகுப்புப் பிள்ளைகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை எழுதியிருந்தால், யார் போட்டுக்கொடுத்தது என்று அவன் நண்பர்களைச் சந்தேகப்பட ஆரம்பித்திருப்பான். திரும்பி வரும்போது அவனுக்குத் துணை அந்த நண்பர்கள்தான். காதல் விவகாரம், ஃபீஸ் பாக்கி, குடிக்கிற அப்பா, எது காதில் விழுந்திருந்தாலும் கடிதத்தில் ஏறக்கூடாது. வீட்டில் யாராவது ஒருவர் கவரைப் பிரித்துப் படிப்பார் என்று வைத்துக்கொண்டே எழுத வேண்டும். படித்தாலும் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் வராத கடிதமாக அது இருக்க வேண்டும்.

தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவனுக்கு வருகிறது. பெயரை நீக்கினால் அது நின்றுவிடும். அவனுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான், ஆனால் தாளில் எழுதினால் மிரட்டல்போல இருக்கும். நேரில் பேசும்போது சொன்னேன். "நீ எது சொன்னாலும் நமக்குள்ளேயே இருக்கும்" என்றும் எழுதவில்லை. ஒருவன் உயிருக்கே ஆபத்தான எதையாவது சொன்னால் நான் அதை மறைத்து வைக்க முடியாது, காப்பாற்ற முடியாத வாக்கை எழுத்தில் கொடுக்கக்கூடாது.

எட்டு நாள் பாக்கி இருக்கிறது என்று சொன்னதற்கு எங்கள் துறையிலேயே எதிர்ப்பு. "எட்டு நாளையும் லீவு போட்டுத் தீர்த்துவிடுவான்" என்றார் ஒருவர். தீர்க்கட்டுமே, அது விதிப்படி அவனுக்கு இருக்கிற நாள்தான். வீட்டுக்காக வேலைக்குப் போகிறவனுக்கு நடுவில் ஒரு நாள் தவறினாலும் எல்லாம் போகாது என்று தெரிந்தால்தான் திரும்பி வரத் துணிச்சல் வரும்.

கடிதம் எப்போது போக வேண்டும் என்பதையும் இந்தக் கணக்குதான் சொல்லும். எங்கள் பகுதிக் கல்லூரிகளில் பொதுவாக 75 சதவீதம் இருந்தால் பரீட்சை எழுதலாம். 65-க்கு மேல் இருந்தால் கண்டொனேஷன், அதாவது வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கட்டணம் கட்டி எழுதலாம். அதற்குக் கீழே 50 வரை என்றால் இந்த முறை எழுத முடியாது, அடுத்த முறைதான். 50-க்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். இதே பையன் கடிதம் கிடைத்து இரண்டு வாரம் கழித்து, அதாவது பத்து வேலை நாள் கழித்து வந்திருந்தால், அப்புறம் ஒரு நாள் விடாமல் வந்தாலும் 66 நாள், 73 சதவீதம்தான். ஐந்து வாரம் தள்ளியிருந்தால் 51 நாள், 57 சதவீதம், இந்தப் பருவப் பரீட்சையே போச்சு. ஆபீஸ் கடிதம் போய், பதிலுக்குக் காத்திருந்து, இரண்டாவது கடிதம் போவதற்குள் ஐந்து வாரம் சாதாரணமாக ஓடிவிடும். வராத நாள் பத்தை நெருங்கும்போதே எழுத உட்கார்ந்துவிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இந்தப் பையனுக்கு ஆடி முடிந்து இரண்டு விடுமுறை குறுக்கே வந்து பதினான்கு ஆகிவிட்டது. பரவாயில்லை, கணக்கு இன்னும் அவன் பக்கம்தான் இருந்தது.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆகாதா என்றால், அனுப்பலாம், ஆனால் பல வீட்டில் ஒரே ஃபோன்தான். நீல டிக் விழுந்ததும் பதில் போட வேண்டுமே என்ற பாரம் வேறு. பதில் தெரியாதவன் நம் நம்பரையே பிளாக் செய்வான். தாள் என்றால் இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு யோசிக்கலாம். ஒட்டிய கவரில் போட்டு, முகவரி சரிதானா என்று நண்பனிடம் கேட்டுக்கொண்டு தபாலில் அனுப்புங்கள். அட்மிஷன் படிவத்தில் இருக்கிற முகவரி பல நேரம் பழைய வாடகை வீடு. பெண் பிள்ளைக்கு ஆண் ஆசிரியர் எழுதுவதாக இருந்தால் துறையில் இருக்கிற ஒரு மேடமும் கையெழுத்துப் போடட்டும், ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எதுவானாலும் ஒரு நகல் துறைத் தலைவரிடம் இருக்கட்டும். நாளைக்குக் கண்டொனேஷன் விண்ணப்பத்தில் முதல்வர் கேள்வி கேட்கும்போது அந்த நகல் உதவும்.

இது செல்லம் கொடுப்பது என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வராத ஒரு நாளைக்கூட வந்ததாக நான் போட்டதில்லை. ஆபீஸ் கடிதம் 12-ம் தேதி போக வேண்டியவர்களுக்கெல்லாம் போனது.

பையன் ஒரு வாரம் கழித்து, அடுத்த வெள்ளிக்கிழமை வந்தான். ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தான். அப்பாவுக்குப் படகில் காலில் அடி, எழுந்து நடக்க ஒரு மாதம் ஆகும் என்றார்களாம். ஐஸ் வேலையை முழுக்க விட முடியவில்லை, சனி ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டான். சித்தப்பா மகன் மற்ற நாளைப் பார்த்துக்கொண்டான். சனிக்கிழமை லேப் அதனால் நடக்கவில்லை, பாக்கி உப்புகளைச் செவ்வாய் மதியம் செய்துமுடித்தான். பருவம் முடிந்தபோது 70 நாள். ஒரு பேப்பர் அரியர்.

அதே பருவத்தில் ஒரு பெண்ணுக்கும் எழுதினேன், வரவில்லை. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று அவள் அம்மா வந்து டிசி வாங்கிக்கொண்டு போனார். அவளுக்கு 19 வயது, நான் பேசிப் பார்த்ததற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை. முதலாம் ஆண்டில் 18 முடியாத பெண் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்கள் கல்யாண விஷயம் என்றால் கடிதத்தோடு நிற்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லியாக வேண்டும்.

பதிலே வராவிட்டால் ஒரு வாரம் கழித்து இரண்டாவது கடிதம், முதலாவதில் பாதி அளவு. மாறிப்போன கணக்கு, வரவேண்டிய நாள், ஆபீஸ் கடிதம் போய்விட்டது என்ற தகவல், இந்த மூன்று போதும். மூன்றாவது கடிதம் நான் எழுதுவதில்லை, அதற்குப் பதில் அவன் நண்பனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.