36-ஐ 63 ஆக்காதீர்கள்

தையல்காரர் கனவில் வாடிக்கையாளர்களின் அளவு மாறிக்கொண்டே இருக்கிறது என்று யாராவது சிறுகதை எழுதினால், என் வேண்டுகோள் இதுதான். 36 அங்குலத்தை 63 ஆக்காதீர்கள், டேப்பைப் பாம்பாக்காதீர்கள். அதையெல்லாம் கண்டு எந்த டெய்லரும் பயப்பட மாட்டார். அவரை உலுக்குவது அரை அங்குலம். அதிலும் எந்த இடத்து அரை அங்குலம் என்பதில்தான் கதையே இருக்கிறது.

கதை இப்படி இருக்கட்டும். கல்யாண வீட்டு ஆர்டர், 22 ஜாக்கெட், முகூர்த்தத்துக்கு 9 நாள். எல்லாம் பட்டு. துணி புடவையிலிருந்தே வெட்டியெடுத்தது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். தப்பாக வெட்டினால் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கிவர முடியாது.

முதல் இரவு கனவில் மணப்பெண்ணின் அத்தைக்கு மார்பு 36 என்றிருந்தது 37 ஆகிறது. மாஸ்டர் புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறார். தூங்கத்தான் வேண்டும். பக்கத் தையலில் ஒவ்வொரு துண்டிலும் ஓர் அங்குலம் உள்ளே விட்டுத்தான் தைப்பார். ஓர் அங்குலம் கூட்ட, நாலு துண்டில் கால் கால் அங்குலம் பிரித்துவிட்டால் போதும். பட்டில் பழைய தையலின் ஊசித் தடம் தெரியும், ஆனால் அக்குளுக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள்?

இரண்டாம் இரவு மாறுவது ஷோல்டர். 14 என்றிருந்தது 15. இப்போது எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். கனவில் பாதிக்கு 7 வைத்து, கைக்குழியை வளைத்து வெட்டியாகிவிட்டது. 7½ வேண்டுமென்றால் அந்த அரை அங்குலம் எங்கே? வெட்டிய துண்டோடு கீழே விழுந்து, பெருக்கியும் தள்ளியாயிற்று. கழுத்து இறக்கமும் இதே சாதிதான். குறைவாக வெட்டினால் இன்னும் கொஞ்சம் வெட்டலாம், கூட வெட்டினால் போனதுதான். கனவு இந்த இடங்களில் கை வைத்தால்தான் பயம் நிஜமாக இருக்கும்.

மூன்றாம் இரவு கொஞ்சம் தந்திரமாக வர வேண்டும். நோட்டில் 36 என்றுதான் இருக்கிறது, எண் அசையவே இல்லை. ஆனால் ஜாக்கெட் ஒருத்திக்குத் தொளதொளக்கிறது, இன்னொருத்திக்குக் கொக்கி மாட்டவில்லை.

இதற்குக் காரணம் கடையிலேயே இருக்கிறது. அளவு எடுக்க இரண்டு வழி. ஆளை நிற்கவைத்து டேப் சுற்றினால் கிடைப்பது உடம்பளவு. அதோடு லூஸ் சேர்க்க வேண்டும், இந்த மாஸ்டர் 2 அங்குலம் சேர்ப்பவர். அளவு ஜாக்கெட் கொடுத்தால், கொக்கியை மாட்டி மேசையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்க வேண்டும். 18 வந்தால் 36. அதில் லூஸ் ஏற்கெனவே இருக்கிறது. அதாவது அதைப் போட்டவளின் உடம்பு சுமார் 34.

22 பேரில் பாதிப் பேருக்கு மாஸ்டர் டேப் வைத்து எடுத்தார். மீதிக்கு உதவிக்கு இருக்கும் பையன் அளவு ஜாக்கெட்டிலிருந்து எடுத்து அதே நோட்டில் எழுதினான். இருவரும் எழுதியது வெறும் 36. உடம்பளவு 36 என்றால் 38-க்கு வெட்டணும், டாட் கணக்கைத் தள்ளிவைத்தால் கால் பாகத்துக்கு 9½. ஜாக்கெட் அளவு 36 என்றால் 36-க்கே வெட்டணும், கால் பாகம் 9. மாற்றி வெட்டினால் 2 அங்குலம் கூடும், இல்லையேல் குறையும். பகலில் கண்ணில் படாததைத்தான் கனவு மூன்று இரவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்து இந்தக் கருவுக்கு இதைவிட நேர்மையான முடிச்சு கிடையாது. மனப்பிராந்தி, முன்வினை என்று இழுக்க வேண்டியதில்லை.

மாஸ்டர் விளக்கைப் போட்டு நோட்டை எடுக்கிறார். தன் கையெழுத்து உள்ள பக்கங்களில் 'உ', பையன் எழுதியதில் 'ஜா' என்று ஓரத்தில் குறிக்கிறார். (முதலிலேயே போட்டிருக்க வேண்டிய எழுத்து. பல கடைகளில் போடுவதில்லை.) மூன்று பக்கங்களில் எண்ணை அடித்துத் திருத்தியிருக்கிறது, யார் கை என்று தெரியவில்லை. அந்த மூன்று துணியையும் மடித்துத் தனியே வைத்துவிட்டு மற்றதை வெட்டத் தொடங்குகிறார்.

விடிந்ததும் முதல் போன் அத்தைக்கு. "அக்கா, அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுத்து விடுங்க."

"எது, அந்தப் பச்சையா? அது இப்ப எனக்குப் பத்தலையே மாஸ்டர்."

"பரவால்லக்கா. போட்டுப் பாத்து, மேலேருந்து எத்தனை கொக்கி மாட்டுதுன்னு மட்டும் சொல்லுங்க."