மாமா எழுதிக் கொடுத்தால் உதவி, மெஷின் எழுதிக் கொடுத்தால் குற்றமா?

போன வருஷம் நடந்த ஒன்றை இன்னும் மனசிலிருந்து இறக்கி வைக்க முடியவில்லை. எங்கள் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். எம்.ஏ. ஆய்வேடுகளைப் பார்க்கும் குழுவில் நானும் இருந்தேன். ஒரே வாரத்தில் இரண்டு ஆய்வேடுகள் எங்கள் மேசைக்கு வந்தன. இரண்டையும் எழுதிய பிள்ளைகளின் கையிலிருந்து வாக்கியங்கள் வேறு கைக்குப் போயிருந்தன. ஒருவன் தண்டிக்கப்பட்டான். ஒருத்தி பாராட்டப்பட்டாள். இரண்டிலும் என் கையெழுத்து இருக்கிறது.

பையன் குலசேகரம் பக்கம். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்களின் வழக்குச் சொற்கள்தான் அவன் எடுத்த தலைப்பு. இரண்டாம் இயலைப் படித்துக்கொண்டே வந்த எங்கள் குழுவினர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்கள். 'பால் உற்பத்தித் தொழிலாளர்களின் வாழ்வாதாரம் பருவமழையால் கணிசமாகப் பாதிக்கப்படுகிறது' என்று இருந்தது. நாலு வரி தள்ளி ஒட்டுப்பால் இருக்க வேண்டிய இடத்தில் 'பால் கழிவுகள்'. ரப்பர் மரத்தைப் பசுமாடு ஆக்கியிருந்தது அந்த நடை. குலசேகரத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் அப்படி எழுதமாட்டான். வெட்டின கோட்டில் மிச்சமாக ஒட்டிக் காய்ந்து, மறுநாள் உரித்தெடுக்கிற அந்த இழைதான் ஒட்டுப்பால் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். கூப்பிட்டுக் கேட்டோம். செயற்கை நுண்ணறிவு செயலியில் போட்டுத் 'திருத்தி' வாங்கியதாக உடனே ஒத்துக்கொண்டான்.

பெண்ணின் வீடு குளச்சல். கரையில் நின்று கரமடி வலை இழுக்கிறவர்களின் பேச்சு வழக்கு அவள் தலைப்பு. ஆய்வேடு அருமையான நடையில் இருந்தது. படித்த எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். வாய்மொழித் தேர்வில் யாரோ சாதாரணமாக, "யாரும் பார்த்துத் தந்தாங்களா?" என்று கேட்டார்கள். அவளும் ஒளிவு மறைவில்லாமல், "எனக்க மாமா ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், மேம். மூணாவது இயல் முழுக்க அவங்கதான் மாத்தி எழுதித் தந்தாங்க" என்றாள். குழுவில் ஒருவர், "நல்ல மாமா" என்றார். அதோடு முடிந்தது.

எனக்கு அங்கேயே உறுத்தியது. தேர்வு முடிந்ததும் அவளிடம், மாமா திருத்துவதற்கு முன் எழுதியது இருக்கிறதா என்று கேட்டேன். மறுநாள் கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்தாள். ஒரு பக்கத்தை மட்டும் இங்கே சொல்கிறேன். அவள் எழுதியிருந்தது இது: 'கரமடி இழுக்க இப்போது ஆள் குறைவு. நான் பேசிய 14 பேரில் 9 பேர் தங்கள் மகன் கடலுக்குப் போவதை விரும்பவில்லை என்று சொன்னார்கள்.' சிவப்பு மையில் மாமா அடித்துவிட்டு மேலே எழுதியது இது: 'குளச்சல் பகுதியில் கரைவலை மீன்பிடிப்பு அருகி வருகிறது. இளைய தலைமுறையினர் கடற்றொழிலில் நாட்டமிழந்துள்ளனர்.'

இரண்டாவது அழகாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் பாருங்கள், 14 போய்விட்டது, 9 போய்விட்டது. கரமடி கரைவலை ஆகிவிட்டது. வழக்குச் சொற்களைப் பற்றிய ஆய்வில் வழக்குச் சொல்லே அடிபட்டுவிட்டது. இதையெல்லாம்விடப் பெரியது, சொன்னவர்களே மாறிவிட்டார்கள். மகன் கடலுக்குப் போக வேண்டாம் என்று நினைத்தது அப்பாக்கள். திருத்திய வரியிலோ மகன்களுக்கே நாட்டமில்லை. அவள் எந்த மகனிடமும் பேசவில்லை. நோட்டைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "மேம், இது அப்பாமாரு சொன்னது. பயலுவள நான் கேக்கவே இல்ல." மாமா அவளிடம் கேட்டிருந்தால் அவருக்கும் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை.

பையனின் பழைய பிரதியையும் வாங்கிப் பார்த்தேன். 'மழை பெய்தால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லாத நாளுக்குக் கூலி கிடையாது. ஜூன், ஜூலையில் மாதம் பத்து நாள்தான் வேலை கிடைத்தது என்று 6 பேர் சொன்னார்கள்.' இதுதான் 'கணிசமாகப் பாதிக்கப்படுகிறது' என்று ஆகியிருந்தது. அவன் பிரதியிலும் எண்ணிக்கை போயிற்று, சொன்னவர்கள் போனார்கள், அந்த ஊர்ச் சொல் போயிற்று. மாமாவின் பேனாவும் செயலியும் செய்த வேலை ஒன்றே. மாமாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், அதனால் அவர் செய்தது கண்ணில் படவில்லை. செயலி பாலைக் குழப்பிக்கொண்டதால் பையன் மாட்டிக்கொண்டான். இதற்குப் பெயர் நேர்மை விதியா?

சரி, விதி என்ன சொல்கிறது என்று எடுத்துப் பார்த்தேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த கல்வி நேர்மை ஒழுங்குமுறைகள் எம்.ஏ. ஆய்வேட்டுக்கும் பொருந்தும். (வகுப்புக் கட்டுரை, புராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் அந்த விதியில் வராது. அவற்றுக்குக் கல்லூரி வைத்திருக்கும் விதிதான்.) எல்லோருக்கும் தெரிந்தது அதிலுள்ள சதவீதக் கணக்கு. ஒப்புமை 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் இந்தக் கணக்கு பிடிப்பது ஏற்கெனவே எங்கோ இருக்கிற எழுத்தை அப்படியே எடுப்பதை மட்டும்தான். மாமா புதிதாக எழுதிய வரி உலகத்தில் வேறெங்கும் இல்லை. செயலி எழுதியதும் அநேகமாக அப்படித்தான். இரண்டு ஆய்வேடுகளும் ஒப்புமைச் சோதனையில் சுத்தமாகத் தேறித்தான் எங்களிடம் வந்தன.

இரண்டும் மாட்ட வேண்டிய இடம் வேறு. அதே விதியின்படி மாணவர் ஓர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும்: இந்த ஆவணம் என்னால் தயாரிக்கப்பட்டது, என் சொந்தப் படைப்பு. ஒரு முழு இயலை வேறொருவர் எழுதியிருந்தால், அந்த வேறொருவர் மாமாவா செயலியா என்று உறுதிமொழி கேட்பதில்லை. இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால் மாமாவின் நிலைதான் மோசம். பிறருடைய படைப்பையோ கருத்தையோ எடுத்துத் தன்னுடையது என்று காட்டுவதைத்தான் அந்த விதி எழுத்துத் திருட்டு என்கிறது. செயலி 'பிறர்' ஆகுமா என்று வேண்டுமானால் வாதாடலாம். மாமா பிறர்தான், அதில் சந்தேகமே இல்லை. விதியின் சொற்களுக்கு அச்சாகப் பொருந்துவது பாராட்டு வாங்கிய ஆய்வேடுதான்.

மனித உதவிக்கு எல்லை வைப்பது செயலிகள் வந்த பிறகு கிளம்பிய யோசனையும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வெளி ஆள் மெய்ப்புப் பார்ப்பதற்கென்றே விதி உண்டு. எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, இலக்கணப் பிழைகளைச் சுட்டிக்காட்டலாம். மாற்றி எழுதித் தரக் கூடாது. ஆஸ்திரேலியாவில் ஆய்வேடு திருத்தும் தொழில்முறைப் பதிப்பாசிரியர்களுக்கும் அமைப்பையும் உள்ளடக்கத்தையும் தொடாதே என்று வழிகாட்டுதல் இருக்கிறது. அங்கெல்லாம் பிழையைக் காட்டுவது ஒன்று, வாக்கியத்தைப் பிடுங்கிக்கொள்வது வேறொன்று. நம் ஊரில் இந்தக் கோட்டை யாரும் போட்டதில்லை. டியூஷன் சார் எழுதித் தந்தார், அண்ணன் எழுதித் தந்தான் என்பதைப் பெருமையாகவே சொல்வோம்.

நானும் அதைச் செய்தவள்தான். தக்கலையில் டியூஷன் எடுத்த காலத்தில் எத்தனையோ பிள்ளைகளின் பேச்சுப் போட்டிக் கட்டுரைகளை முழுக்க மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பரிசு வாங்கி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் உண்டு. அந்தக் கட்டுரையில் அவர்களுடைய வாக்கியம் எத்தனை இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. இப்போது யோசிக்கிறேன்.

ஒரு வித்தியாசம் உண்டு, அதையும் மறைக்க விரும்பவில்லை. மனிதரால் கேள்வி கேட்க முடியும். பக்கத்தில் உட்கார்ந்து, "மக்களே, இதைச் சொன்னது யாரு, அப்பாவா மகனா?" என்று கேட்டு, பதிலை அவளையே எழுதச் சொன்னால் அது கற்பித்தல். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் விதியில் சலுகை கிடைக்க வேண்டியது அந்தக் கேள்விக்குத்தான், உறவுமுறைக்கு இல்லை. நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனியாக உட்கார்ந்து முழுதாக எழுதித் திருப்பிக் கொடுத்த மாமா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சிவப்பு மை நோட்டில் தங்கியதால் என்ன மாறியது என்று எங்களால் பார்க்க முடிந்தது, அவ்வளவுதான். பையன் பழைய பிரதியை அழிக்காமல் வைத்திருந்ததால் அவனிடமும் பார்க்க முடிந்தது.

என்னை அதிகம் வதைப்பது இன்னொன்று. அந்தப் பையனின் அப்பா பால்வெட்டுக்காரர். அவர்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவன். அவனுக்கு ரிட்டயர்டு வாத்தியார் மாமா கிடையாது. மாசம் காசு கட்டி டியூஷன் போக வழி கிடையாது. கையில் இருந்தது போன் ஒன்றுதான். அவன் செய்தது தவறு, அதில் மாற்றமில்லை. ஆனால் செயலியை மட்டும் தண்டித்து மாமாவை விட்டுவிட்டால், நாம் தண்டிப்பது மாமா இல்லாத வீட்டுப் பிள்ளையை. படித்தவர்கள் நிறைந்த நம் மாவட்டத்தில், படித்த உறவினர் இருப்பதும் இல்லாததும் எந்தத் தெருவில், எந்தக் கரையில் பிறந்தோம் என்பதைப் பொறுத்தது என்று யாருக்குச் சொல்ல வேண்டும்?

இருவரையும் ஒரே மாதிரி நடத்துங்கள், இரண்டு பேரும் அந்த ஒரு இயலைத் தங்கள் பழைய பிரதியிலிருந்து மறுபடி எழுதட்டும், யார் எவ்வளவு உதவினார் என்பதை முன்பக்கத்தில் குறிப்பிடட்டும் என்று குழுவில் கேட்டேன். ஒத்துக்கொள்ளவில்லை. பையன் மட்டும் எழுதினான். நான்கு மாதம் ஆயிற்று. புதிய இரண்டாம் இயலில் ஒட்டுப்பால், சிரட்டை, வெட்டுக்கூலி எல்லாம் திரும்பி வந்திருந்தன. சந்திப்பிழைகள் நிறைய இருந்தன. அவற்றை வட்டமிட்டு மட்டும் கொடுத்தேன், அவனே திருத்தினான்.

இந்த வருஷம் என்னிடம் ஆய்வேடு செய்கிறவர்களிடம் இரண்டு காரியம் கேட்டிருக்கிறேன். ஏதாவது ஓர் இயலின் முதல் கைப்பிரதியைப் பின்னிணைப்பாக வைக்க வேண்டும். உதவியவர் யார், எதைத் தொட்டார் என்று உறுதிமொழிக்குக் கீழே எழுத வேண்டும், செயலியானாலும் சித்தியானாலும். நேற்று முதல் ஆய்வேடு வந்தது. உறுதிமொழிக்குக் கீழே நீல மையில் இப்படி இருந்தது: 'எழுத்துப்பிழைகளை அக்கா காட்டித் தந்தார். நான்காம் இயலில் இரண்டு பத்திகளின் வரிசையை டியூஷன் சார் மாற்றச் சொன்னார், ஒன்றை மாற்றினேன், ஒன்றை மாற்றவில்லை.'