டிக்கெட் எண்ணிக்கையும் டிக்கெட்டின் கனமும்: எச்.ஆருக்கு நான் எழுதிய புகார்க் கடிதம்

போன வருடம் எங்கள் டீமில் வேலைப் பங்கீடு பற்றி எச்.ஆருக்கு ஒரு புகார் எழுதினேன். அதை எப்படி எழுதினேன் என்று இரண்டு மூன்று தோழிகள் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஓ.எம்.ஆரில் இருக்கிற ஐ.டி. சப்போர்ட் டெஸ்க் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷிப்டுக்கு ஆறு பேர். எல்லாருக்கும் பொதுவாக ஒரே க்யூ. பாஸ்வேர்டு மறந்தவர், பிரிண்டர் ஓடாதவர், வி.பி.என். விட்டு விட்டு இணைகிறவர், மெயில் வராதவர் என்று ஒவ்வொருவர் கோரிக்கையும் ஒரு டிக்கெட்டாக அதில்தான் வந்து விழும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். யாரும் எடுக்காததை டீம் லீட் பிரித்துக் கொடுப்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

மாதக் கடைசியில் ஒரு ரிப்போர்ட் வரும், யார் எத்தனை டிக்கெட் முடித்தார்கள் என்று. அதில் நான் எப்போதும் கடைசி. பக்கத்து சீட்டுக்காரர் நாளுக்குப் பன்னிரண்டு முடித்தால் நான் ஏழு, எட்டு. சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் வேலை செய்துவிட்டு, மீட்டிங்கில் "கொஞ்சம் ஸ்பீடு ஏத்துங்க" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

அந்தக் கோபத்தில் எழுதிய முதல் கடிதம் குப்பை. எச்.ஆரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சித்தி ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இதுல 'எப்பவும்'னு ஒன்பது இடத்துல வருது. 'பாரபட்சம்'னு நாலு இடத்துல வருது. ஒரு தேதிகூட இல்லையேடி" என்றாள். அனுப்பியிருந்தால் எச்.ஆர். லீடைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கும், லீட் அந்த மாத ரிப்போர்ட்டைக் காட்டியிருப்பார், கதை முடிந்திருக்கும். ஏனென்றால் கையில் இருந்த ஒரே ஆதாரம் எனக்கு எதிரானது.

ஆறு வாரத்து டிக்கெட்டுகளை எக்செலில் இறக்கினேன். முதலில் செய்த தப்பு, டிக்கெட் மூடிய நேரத்திலிருந்து திறந்த நேரத்தைக் கழித்தது. ஒரு பிரிண்டர் டிக்கெட் 52 மணி நேரம் என்று காட்டியது. பார்த்தால், கேட்டவர் லீவில் போய்விட்டார், டிக்கெட் 'நிறுத்தி வைப்பு' நிலையில் தூங்கிக்கொண்டிருந்தது. அப்படிக் காத்திருந்த நேரத்தை எல்லாம் விட்டுவிட்டு, அவரவர் பதிந்த வேலை நேரத்தை மட்டும் எடுத்தேன்.

அடுத்தது முக்கியமான இடம். ஒவ்வொரு வகை டிக்கெட்டுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு என்னுடைய நேரத்தை வைக்கக் கூடாது. வைத்தால், "நீங்க ஸ்லோ, அதான் அவ்வளவு நேரம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதனால் ஆறு பேருடைய நேரத்தையும் ஒன்றாக வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கிற எண்ணை எடுத்தேன். சராசரி எடுத்தால் ஒரே ஒரு ஐந்து மணி நேர டிக்கெட் மொத்தக் கணக்கையும் இழுத்துவிடும். சின்ன டிக்கெட்டுக்கு, அதாவது பாஸ்வேர்டு, அக்கவுன்ட் திறப்பது மாதிரி, 8 நிமிடம் வந்தது. பெரியதற்கு, அதாவது வி.பி.என்., மெயில், லேப்டாப் கோளாறு, 50 நிமிடம்.

இப்போது பாருங்கள். அந்த ஆறு வாரத்தில் பக்கத்து சீட்டுக்காரர் முடித்தது 371 டிக்கெட். அதில் 340 சின்னது, 31 பெரியது. நான் முடித்தது 212. சின்னது 96, பெரியது 116. நேரமாக மாற்றினால் அவருக்கு 4,270 நிமிடம், எனக்கு 6,568. அவர் வந்தது 30 நாள், நான் இரண்டு நாள் லீவு, அதனால் 28. நாளுக்கு என்று வகுத்தால் அவருக்கு இரண்டு மணி இருபத்திரண்டு நிமிட வேலை, எனக்கு கிட்டத்தட்ட நாலு மணி. ரிப்போர்ட்டில் கடைசியில் நிற்பவள் கணக்கில் முதலில் நிற்கிறாள்!

உடனே அனுப்பிவிடலாம் என்றுதான் கை துடித்தது. ஆனால் அந்த 116-ஐ ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 14 டிக்கெட்டுக்குத் தேவையான அட்மின் அனுமதி ஷிப்டில் எனக்கு மட்டும்தான் இருந்தது. அவை என்னிடம் வந்தது சரிதான். நானே கழித்துவிட்டேன். கழித்த பிறகும் நாளுக்கு மூன்றரை மணி நேரம் நின்றது. இந்தக் கழித்தல் கடிதத்தில் இருந்ததுதான் பிறகு எனக்கு ரொம்ப உதவியது. லீட் முதலில் சொன்னதே அந்த அனுமதி விஷயம்தான்.

டிக்கெட்டின் ஹிஸ்டரி பகுதியில் யார் எப்போது யாருக்கு மாற்றினார் என்பது நிமிட சுத்தமாக இருக்கும். பாஸ்வேர்டு டிக்கெட்டுகள் க்யூவில் விழுந்த இரண்டு நிமிடத்துக்குள் பறந்துவிடுகின்றன. பெரியவை கெடு நேரம் பாதி கரையும் வரை கிடக்கின்றன. 71 டிக்கெட்டை அந்த நிலையில் லீட் என் பெயருக்கு மாற்றியிருக்கிறார். மீதி 45 நானே எடுத்தவை. பாவம் பார்த்து எடுத்தேன், வேறென்ன. அதையும் அப்படியே எழுதினேன்.

கடிதம் ஒன்றரைப் பக்கம். ஆங்கிலத்தில் எழுதியது, அதன் நடுப்பகுதி தமிழில் ஏறக்குறைய இப்படி: "இது யாருடைய நோக்கத்தைப் பற்றியும் அல்ல. நோக்கத்தை இந்தத் தரவு காட்டாது. பொது க்யூவில் எண்ணிக்கையை மட்டும் அளப்பதால் கடினமான டிக்கெட் தேங்குகிறது, அது ஒருவரிடமே போய்ச் சேருகிறது, அதே நபர் எண்ணிக்கையில் பின்தங்குகிறார், அந்த எண்ணிக்கை வருட மதிப்பீட்டில் சேருகிறது." சக ஊழியர்களை நபர் அ, நபர் ஆ என்றுதான் குறித்தேன். எக்செலை ஆபீஸ் மெயிலிலேயே அனுப்பினேன். சொந்த மெயிலுக்கு ஒரு காப்பி எடுத்திருந்தால், வாடிக்கையாளர் விவரத்தை வெளியே கொண்டுபோனதாக என் மேலேயே புகார் திரும்பியிருக்கும்.

ஏன் எச்.ஆர்., மேனேஜர் போதாதா என்று கேட்கலாம். மேனேஜரிடம் இரண்டு முறை வாயால் சொன்னேன். தேதியோடு அதுவும் கடிதத்தில் உண்டு. க்யூவை மாற்றுவது எச்.ஆரின் வேலை இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் மதிப்பீடு அவர்கள் கையில். அதனால் அந்த நூலைப் பிடித்தேன். (20 பேரோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில் குறைதீர் குழு இருக்க வேண்டும் என்று 2010-இல் தொழில் தகராறு சட்டத்தில் சேர்த்தார்கள். 2020-இன் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அது உண்டு. நான் அதுவரை போகவில்லை.)

மீட்டிங்கில் லீட் சொன்னது: "அவங்க நல்லா பண்ணுவாங்க, அதான் கஷ்டமானத அவங்களுக்குக் கொடுத்தேன்." பாராட்டுதான். அப்படியென்றால் அது மதிப்பீட்டில் எங்கே என்று கேட்டேன். எச்.ஆர். பெண்மணி ஏதோ குறித்துக்கொண்டார். பேச்சு அங்கேதான் திரும்பியது.

முதலில் டிக்கெட் வரிசைப்படி ஆளுக்கு ஒன்றாகத் தானாகப் போகும்படி வைத்தார்கள். அதுவும் சரிப்படவில்லை. யார் முறையில் எது விழும் என்பது அதிர்ஷ்டம், ஒருவருக்கு ஒரே காலையில் மூன்று லேப்டாப். பிறகு சின்னதற்கு ஒரு சுற்று, பெரியதற்கு ஒரு சுற்று என்று பிரித்தார்கள். ரிப்போர்ட்டில் இப்போது நேரத்துக்கும் ஒரு பத்தி இருக்கிறது. அந்த வருட மதிப்பீடு மட்டும் மாறவில்லை, அது பூட்டியாகிவிட்டதாம்.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒரு வி.பி.என். டிக்கெட் விழுந்தது. நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, "மேடம், இத நீங்க பாக்குறீங்களா?" என்றார். எந்த லாகைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். டிக்கெட் அவர் பெயரிலேயேதான் இருந்தது. ஐம்பத்தைந்து நிமிடம் ஆயிற்று அவருக்கு.