ஈச் அதரா, ஒன் அனதரா? தலையை எண்ணுவதை விடுங்கள்

போட்டித் தேர்வுக்கான ஆங்கில வழிகாட்டி எதைப் புரட்டினாலும் இந்தக் கேள்வி இருக்கும். "தி த்ரீ பிரதர்ஸ் லவ் ஈச் அதர்." பிழையைக் கண்டுபிடி. விடை: மூன்று பேர் என்பதால் 'ஈச் அதர்' தவறு, 'ஒன் அனதர்' என்று வர வேண்டும். இரண்டு பேர் என்றால் முன்னது, இரண்டுக்கு மேல் என்றால் பின்னது. சின்ன விதி, மனப்பாடம் செய்ய எளிது, விடைத்தாள் திருத்தவும் எளிது. அதனால்தான் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தை எழுதி வளர்த்தவர்கள் இப்படி எழுதினார்களா என்று கேட்டால், இல்லை.

இந்த விதியை 1785இல் ஜார்ஜ் அஷர் தன் இலக்கண நூலில் எழுதி வைத்தார். அதற்கு முன்பும் பின்பும் நல்ல எழுத்தாளர்கள் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் எழுதினார்கள். பத்து வருடம் கழித்து, 1795இல், லிண்ட்லி மரே எழுதிய இலக்கணத்தைப் பாருங்கள். பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் படித்த புத்தகம் அது. இரட்டை எதிர்மறை கூடாது என்று சொல்ல வரும் இடத்தில் மரே எழுதுகிறார்: "டூ நெகடிவ்ஸ், இன் இங்கிலிஷ், டிஸ்ட்ராய் ஒன் அனதர்." இரண்டே இரண்டு எதிர்மறைகள், ஆனால் 'ஒன் அனதர்'. இலக்கண விதி சொல்லும் வாக்கியத்துக்குள்ளேயே இந்த விதி காலாவதியாகிக் கிடக்கிறது!

1926இல் ஃபவ்லர் தன் ஆங்கில வழக்கு அகராதியில் இந்த வேறுபாட்டால் இன்றைக்குப் பயனும் இல்லை, பழைய வழக்கில் அதற்கு ஆதாரமும் இல்லை என்று சொல்லிவிட்டார். ஃபவ்லர் எதற்கும் சட்டென்று விட்டுக்கொடுக்கிற ஆள் அல்ல. அவரே இதைத் தூக்கிப்போட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சரி, விதியை இன்னும் கேட்கிற இடங்கள் உண்டு. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு இரண்டுக்கு ஒன்று, அதற்கு மேல் மற்றொன்று என்றுதான் சொல்கிறது. எண்ணிக்கை தெரியாத இடத்தில் எதுவும் சரி என்று ஒரு சலுகையும் தருகிறது. அவர்களுக்கு எழுதினால் அவர்கள் சொல்கிறபடி எழுதுங்கள். தேர்வு எழுதினால் விடைக்குறிப்பு எதிர்பார்ப்பதைக் குறியுங்கள், அங்கே போய்ப் புரட்சி வேண்டாம். மற்ற இடங்களில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தொனிதான். 'ஈச் அதர்' பேச்சிலும் எழுத்திலும் மிக அதிகம் புழங்குகிறது, 'ஒன் அனதர்' கொஞ்சம் விறைப்பாக, எழுத்து வாசனையோடு வருகிறது.

என் கோபம் விதி பொய் என்பதோடு நிற்கவில்லை. அது கண்ணைத் தவறான இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. திருத்துவதற்காக என்னிடம் வந்த ஓர் அறிக்கையில் இந்த மூன்று வாக்கியங்கள் இருந்தன.

"தி த்ரீ டிபார்ட்மென்ட்ஸ் பிளேம்டு தெம்செல்வ்ஸ் ஃபார் தி டிலே. தே டிட் நாட் ரிப்ளை ஈச் அதர். தி மேனேஜர் ஆஸ்க்டு தெம் டு செக் ஈச் அதர்ஸ் ஃபிகர்ஸ்."

கடைசி வாக்கியத்தில் 'அதர்ஸ்' என்ற சொல்லில் 'எஸ்' எழுத்துக்குப் பின்னால் அபாஸ்ட்ரஃபி என்கிற மேற்குறி இருந்தது. எனக்கு முன் பார்த்தவர் இரண்டு 'ஈச் அதர்'களையும் அடித்துவிட்டு 'ஒன் அனதர்' என்று சிவப்பில் எழுதியிருந்தார். மூன்று துறைகள் அல்லவா! அதோடு திருப்தியாக அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அவர் தொட்டது பிழையே இல்லை. மூன்று வாக்கியத்திலும் ஆளுக்கொன்றாக நிஜப் பிழை இருந்தது, மூன்றும் அப்படியே தப்பித்துவிட்டன.

முதல் வாக்கியம்தான் ஆபத்தானது. இலக்கணப்படி அதில் குறையே இல்லை, அதனால் எந்தச் சோதனைக் கருவியும் சிவப்புக் கோடு போடாது. ஆனால் அது சொல்வது என்ன? மூன்று துறைகளும் தாமதத்துக்குத் தாங்களே காரணம் என்று ஒப்புக்கொண்டன என்று சொல்கிறது. நடந்தது அதற்கு நேர் எதிர்: ஒவ்வொரு துறையும் மற்றதைக் கைகாட்டியது. 'தெம்செல்வ்ஸ்' என்றால் செயல் செய்தவர் மேலேயே திரும்புகிறது. 'ஈச் அதர்' என்றால் எதிரில் இருப்பவர் மேல் போகிறது.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தத் தடுக்கல் வரக் காரணம் இருக்கிறது. நாம் "மூன்று துறையும் தங்களுக்குள் குற்றம் சாட்டிக்கொண்டன" என்போம். 'தங்களுக்குள்' என்ற சொல் 'தெம்செல்வ்ஸ்' பக்கம் இழுக்கிறது. அதைவிட முக்கியம், பரஸ்பரம் என்ற பொருளை நமக்குப் பெரும்பாலும் 'கொள்' என்ற துணைவினையே சுமந்துவிடுகிறது. 'அடித்துக்கொண்டார்கள்', 'திட்டிக்கொண்டார்கள்' என்றாலே போதும், 'ஒருவரையொருவர்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது. 'மெட்', 'மேரீட்', 'ஹக்டு' மாதிரிச் சில வினைகள் மட்டும் தனியாக நின்றே பரஸ்பரப் பொருளைத் தந்துவிடும், "தே மெட்" என்றால் சந்தித்துக்கொண்டார்கள்தான். ஆனால் "தே பிளேம்டு" என்று நிறுத்த முடியாது. யாரை என்று சொல்லியே ஆக வேண்டும், அங்கேதான் தவறான சொல் உள்ளே வருகிறது.

அப்புறம் இரண்டாவது வாக்கியம். "ரிப்ளை ஈச் அதர்" என்பதில் 'டு' காணோம். 'ரிப்ளை' என்ற வினைக்கு 'டு' வேண்டும். இதையே திருப்பிப் போட்ட பிழையும் நம்மிடம் உண்டு: "தே ஹெல்ப்டு டு ஈச் அதர்". 'ஒருவருக்கொருவர் உதவினார்கள்' என்பதில் 'கு' இருப்பதால் ஆங்கிலத்திலும் 'டு' வந்து ஒட்டிக்கொள்கிறது. 'ஹெல்ப்' அதைக் கேட்பதே இல்லை. இதற்கு ஒரு சோதனை போதும். 'ஈச் அதர்' இருக்கும் இடத்தில் 'ஹிம்' என்று போட்டு வாசியுங்கள். "ஐ ஹெல்ப்டு டு ஹிம்" காதில் உறுத்தும், "ஐ ரிப்ளைடு ஹிம்" கூட உறுத்தும். 'ஹிம்'முக்கு முன்னால் என்ன வருமோ அதுதான் 'ஈச் அதர்'க்கு முன்னாலும் வரும், 'ஒன் அனதர்'க்கு முன்னாலும் வரும்.

மூன்றாவதில் மேற்குறியின் இடம் தவறு. 'அதர்' இங்கே எப்போதும் ஒருமை, ஏனென்றால் ஒவ்வொருவரும் பார்க்கும்போது எதிரில் இருப்பது 'மற்றவர்'தான். அதனால் குறி 'எஸ்'ஸுக்கு முன்னால் வர வேண்டும், முப்பது பேர் இருந்தாலும் அப்படித்தான். பின்னால் வரும் பெயர்ச்சொல்லுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. ஆளுக்கு ஒரு வீடு என்றாலும் "ஈச் அதர்ஸ் ஹவுஸ்", "ஈச் அதர்ஸ் ஹவுசஸ்" இரண்டையும் எழுதுகிறார்கள், எனக்குப் பன்மை இயல்பாகப் படுகிறது.

எண்ணிக்கை ஏன் தவறான கேள்வி என்று சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். பரஸ்பரம் என்பது ஜோடி ஜோடியாக நடக்கிற விஷயம். மூன்று சகோதரர்கள் அன்பு காட்டுகிறார்கள் என்றால் அங்கே மூன்று ஜோடிகள், பத்துப் பேர் என்றால் 45 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் இருப்பது இரண்டு பேர்தான். "கூட்டத்தில் இருந்த இருபது தம்பதிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்" என்பதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று வையுங்கள். தலை எண்ணினால் நாற்பது, பார்வை எண்ணினால் இரண்டிரண்டு. விதி எந்த எண்ணைப் பிடிக்கச் சொல்கிறது? விதிக்கே தெரியாது.

உண்மையில் சுவாரசியமான கேள்வி, எத்தனை ஜோடிகளில் அந்த உறவு இருந்தால் வாக்கியம் உண்மை ஆகும் என்பது. பத்துப் பேர் வரிசையாக "நெக்ஸ்ட் டு ஈச் அதர்" உட்கார்ந்தால், 45 ஜோடிகளில் ஒன்பது மட்டுமே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை. தட்டுகளை "ஆன் டாப் ஆஃப் ஈச் அதர்" அடுக்கினால், அடியில் இருக்கும் தட்டு எதன் மேலும் இல்லை. அதுவும் நல்ல ஆங்கிலம்தான். 1998இல் மேரி டால்ரிம்பிளும் கூட எழுதியவர்களும் இதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார்கள். அவர்கள் சொன்னதன் சாரம்: சூழலுக்குப் பொருந்துகிற பொருள்களில் எது மிக வலுவானதோ அதையே வாசகர் எடுத்துக்கொள்கிறார். அன்பு என்றால் எல்லா ஜோடியும் வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். வரிசையில் உட்கார்வதற்கு அது நடக்கவே நடக்காது என்று தெரிவதால் பக்கத்து ஆளோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அதற்காக எதுவும் செல்லும் என்று ஆகிவிடாது. "தி டூ பாய்ஸ் ஆர் டாலர் தேன் ஈச் அதர்" என்று எழுதினால் இருவரும் மற்றவரைவிட உயரம் என்றாகிறது, அப்படி இரண்டு பையன்கள் உலகத்தில் கிடையாது. 'ஒன் அனதர்' என்று மாற்றினாலும் அந்தப் பையன்கள் பிறந்துவிட மாட்டார்கள். ஒரு பக்கமாக மட்டும் போகிற உறவுக்கு "ஒன் இஸ் டாலர் தேன் தி அதர்" என்று பிரித்து எழுத வேண்டும்.

இன்னொரு நிஜப் பிழையும் இந்த ரகம்தான்: "ரவி அண்ட் மாலா வான்ட் மீ டு ஹெல்ப் ஈச் அதர்." உதவப்போவது நான் ஒருவன், 'ஈச் அதர்'க்குத் தேவையான கூட்டம் என்னிடம் இல்லை. ரவியும் மாலாவும் வாக்கியத்தில் இருக்கிறார்கள், ஆனால் 'ஹெல்ப்' என்ற வினைக்கு அவர்கள் சொந்தக்காரர்கள் அல்ல. "வான்ட் டு ஹெல்ப் ஈச் அதர்" என்றால் சரியாகிவிடும், அங்கே உதவுகிறவர்கள் அவர்களே. நான் இருவருக்கும் உதவ வேண்டும் என்பதுதான் கருத்து என்றால் "ஹெல்ப் தெம் போத்" என்று எழுத வேண்டும்.

"தே நோ வாட் ஈச் அதர் வான்ட்ஸ்" என்பது பற்றிக் கேட்பார்கள். பேச்சில் சாதாரணமாக வருகிறது, எழுத்தில் இன்னும் பலருக்கு ஒட்டவில்லை, ஏனென்றால் 'ஈச் அதர்' அங்கே எழுவாயாக நிற்கிறது. நான் "ஈச் நோஸ் வாட் தி அதர் வான்ட்ஸ்" என்று எழுதிவிடுவேன். மூன்று பேராக இருந்தால் "தி அதர்ஸ் வான்ட்" என்று பன்மையாக்க வேண்டும். தலையை எண்ண வேண்டிய இடம் என்றால் இதுதான்.

அந்த அறிக்கையில் கடைசியில் இப்படித் திருத்தினேன்: "தி த்ரீ டிபார்ட்மென்ட்ஸ் பிளேம்டு ஈச் அதர் ஃபார் தி டிலே. தே டிட் நாட் ரிப்ளை டு ஈச் அதர்." மூன்றாவது வாக்கியத்தில் மேற்குறியை 'எஸ்'ஸுக்கு முன்னால் நகர்த்தியதோடு சரி. முன்பு திருத்தியவர் மறுபடி பார்த்துவிட்டு, மூன்று துறை இருக்கிறதே என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். மரேயின் வாக்கியத்தை அனுப்பி வைத்தேன்.